தோழி வாட்ஸ்அப்பில் கொட்டிய கோபத்தைப் பணிவிலகல் படிவத்தில் எப்படி எழுதுவது?

நொய்யல்கரை

திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் என் தோழி ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசராக இருக்கிறாள். ராஜினாமா கொடுத்துவிட்டாள். நோட்டீஸ் காலத்தின் கடைசி வாரம் ஓடுகிறது. ஹெச்ஆரில் பணிவிலகல் படிவம் ஒன்று கொடுத்திருக்கிறார்கள். ஏன் விலகுகிறீர்கள், மேலதிகாரி பற்றி, பணிச்சூழல் பற்றி, நிறுவனம் எதை மாற்ற வேண்டும் என்று நான்கு கேள்விகள். தமிழிலும் எழுதலாம். படிவத்தைக் கொடுத்த மறுநாள் நேரில் உட்காரவைத்தும் பேசுவார்களாம்.

பேனாவை எடுத்தாலே அவளுக்கு அழுகையும் கோபமும்தான் வருகின்றன. "உனக்கு அனுப்பியதெல்லாம் இருக்கிறதே, அதைப் பார்த்து நீயே எழுது" என்கிறாள். அவள் அனுமதியோடு, பேச்சுவழக்கில் இருந்ததை எழுத்து நடைக்கு மாற்றி, ஆளை அடையாளம் காட்டுபவற்றை நீக்கித் தருகிறேன். இவற்றில் "அவர்" என்று வருவது அவளுடைய மேலாளர். லேப் டிப் என்பது சரக்கை வாங்கும் பையரின் ஒப்புதலுக்காக அனுப்பும் சாய மாதிரி.

"ஏர் ஷிப்மென்ட் போனால் என் தலை உருளும், கப்பலில் போனால் அவருக்குப் பெருமை. கோழை."

"லேப் டிப் அப்ரூவல் வருமுன்னே துணியைச் சாயத்துக்கு அனுப்பச் சொன்னது அவர். நிறம் தப்பியதும் கூட்டத்தில் எல்லார் முன்னிலையிலும் என்னைத் திட்டினார். பொய்யன்."

"தினமும் இரவு பதினொரு மணிக்குப் போன். நான் என்ன கொத்தடிமையா?"

"சம்பள உயர்வு கேட்டால் அடுத்த சீசன், அடுத்த சீசன். அவர் மாமனார் ஊர்க்காரனுக்கு மட்டும் உடனே."

"ஹெச்ஆரிடம் சொல்வதும் சுவரிடம் சொல்வதும் ஒன்று."

"சாம்பிள் அறையில் அந்த மாஸ்டர் நிற்கும் பக்கம் போகவே கூசுகிறது. சொன்னால், அவர் அப்படித்தான், கண்டுகொள்ளாதே என்கிறார்கள்."

இவற்றை மரியாதையாக, ஆனால் அவள் சொன்னது சொன்னபடியே தெரியும்படி எழுத வேண்டும். வழி சொல்லுங்கள்.

வெள்ளைத்தாள்

சகோதரி, நானும் ஏற்றுமதித் துறையில்தான் இருக்கிறேன். இங்கே எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். அடுத்த கம்பெனிக்காரர் முதலில் செய்வது பழைய கம்பெனிக்குப் போன் போடுவதுதான். ஆகவே, "தகவல் பரிமாற்றத்தில் சிறிது மேம்பாடு தேவை. பணிக்கும் குடும்பத்துக்கும் இடையே சமநிலை வேண்டும். இங்கே நிறையக் கற்றுக்கொண்டேன், நன்றி" என்று மூன்று வரி எழுதிக் கொடுத்துவிட்டு, ரிலீவிங் லெட்டரை வாங்கிக்கொண்டு வெளியே வரட்டும்.

பின்னல்நகர்

இருபதாண்டுக்கு மேல் இந்த ஊர் நிறுவனங்களில் பணியாளர் துறையில் இருந்தவன். இப்படிப்பட்ட படிவங்களைக் கட்டுக்கட்டாகப் படித்திருக்கிறேன்.

வெள்ளைத்தாள் சொன்னதில் போன் போட்டு விசாரிப்பார்கள் என்பது உண்மை. ஆனால் அவர் எழுதித் தந்த மூன்று வரியை எந்த நிறுவனத்தின் எந்தப் படிவத்திலும் ஒட்டலாம். அதைப் படித்துவிட்டு நான் செய்யக்கூடியது எதுவும் இல்லை, கோப்பில் போடுவதைத் தவிர. தோழி சொன்னதில் லேப் டிப் இருக்கிறது, இரவு அழைப்பு இருக்கிறது. அவர் வரைவில் இரண்டும் இல்லை.

நேர் எதிராக, "கோழை", "பொய்யன்" என்று வந்தாலும் அதே கதிதான். அந்தச் சொல்லைப் பார்த்ததும் இது இரண்டு பேருக்குள் நடந்த சண்டை என்று படிப்பவர் முடிவு கட்டிவிடுவார். நம் ஊரில் படிவம் பல நேரம் முதலாளி வரை போகும். அவருக்கு அந்த மேலாளர் பதினைந்து வருடப் பழக்கமாக இருப்பார். அவரைக் காப்பாற்றத்தான் முதலில் தோன்றும்.

ஆகவே, ஒவ்வொரு செய்தியிலும் மூன்றைத் தேடுங்கள். கண்ணால் கண்டது என்ன, அதனால் வேலைக்கு என்ன ஆனது, எந்த ஏற்பாடு இருந்திருந்தால் அது நடந்திருக்காது. இவற்றில் எதிலும் சேராதது தோழியின் தீர்ப்பு. அது உங்கள் இருவரின் உரையாடலில் இருக்கட்டும்.

லேப் டிப் செய்தியில்தான் சரக்கு அதிகம். அதை முதலில் எடுப்போம். இவற்றைக் கேட்டுச் சொல்லுங்கள்: எந்த ஆர்டர்? அவர் போனில் சொன்னாரா, மெயிலிலா? எத்தனை நிறம் தப்பியது? எவ்வளவு தாமதம்? கூட்டத்தில் யார் யார் இருந்தார்கள்? அவளுக்கு நினைவில்லாததை நீங்களாக நிரப்பாதீர்கள்.

நொய்யல்கரை

கேட்டுவிட்டேன் ஐயா. குழந்தைகள் டி-ஷர்ட் ஆர்டர், நான்கு நிறங்கள். பையர் ஜெர்மனி. லேப் டிப் அனுப்பிப் பதில் வர ஒரு வாரம் ஆகும். அதற்குள் சாயப்பட்டறையில் நமக்கு ஒதுக்கிய முறை போய்விடும் என்று மேலாளர் போனில் அனுப்பச் சொல்லியிருக்கிறார். எழுத்தில் எதுவும் இல்லை. மூன்று நிறம் சரியாக வந்தது. இளம் பீச் நிறம் மட்டும் ஆழமாகப் போய்விட்டது, சுமார் 600 கிலோ துணி. நிறத்தை உரித்து மறுபடி சாயமேற்றினால் துணி வலுவிழக்கும் என்று புதிதாகவே பின்னினார்கள். ஒன்பது நாள் போனது. அந்த நிறத்தை மட்டும் விமானத்தில் அனுப்பினார்கள், செலவு நிறுவனத்தின் தலையில். உற்பத்தி, ஃபேப்ரிக், குவாலிட்டி மூன்று துறையினரும் இருந்த கூட்டத்தில் இவளிடம் மட்டும் விளக்கம் கேட்டிருக்கிறார்.

"விதிமுறையை மீறிச் செயல்பட்டார்" என்று எழுதலாமா?

கட்டிங்மேசை

வேண்டாம். நான் உற்பத்திப் பக்கம் இருப்பவன், அந்த மேலாளரின் இடத்திலிருந்து ஒன்று சொல்கிறேன். சீசனில் சாயப்பட்டறை முறையைத் தவறவிட்டால் அடுத்த முறை எப்போது கிடைக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. அப்ரூவலுக்குக் காத்திருந்தால் நான்கு நிறமும் தாமதமாகும். துணிந்து அனுப்பினால் மூன்று நிறமாவது தப்பிக்கும். இங்கே நடந்ததும் அதுதான். எல்லா மேலாளரும் செய்வது இது, பல நேரம் சரியாகவும் முடியும். "விதிமுறை மீறல்" என்று எழுதினால் முதலாளி சிரித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போவார். அவருக்குத் தெரிந்தே நடப்பதுதானே.

துணிந்து முடிவெடுத்தவர் முடிவு தப்பியபோது அதைத் தன் முடிவு என்று சொல்லவில்லை. குறை அங்கேதான் இருக்கிறது.

பின்னல்நகர்

கட்டிங்மேசைக்கு நன்றி. தோழியின் வாக்கியத்தை இது வலுவாக்குகிறது. மேலாளருக்கு நியாயமான காரணம் இருந்தது என்பதை அவளே எழுதிவிட்டால், படிப்பவர் அவள் பேச்சை நம்பத் தொடங்குவார். இப்படி எழுதிப் பார்க்கிறேன்:

"சாயப்பட்டறையின் முறை தவறிவிடும் என்ற நெருக்கடியில், லேப் டிப் ஒப்புதலுக்கு முன்பே துணியை அனுப்ப வேண்டிய நிலை சில ஆர்டர்களில் வருகிறது. அந்த முடிவை எடுத்தவர் யார் என்பது எழுத்தில் பதிவாவதில்லை. குழந்தைகள் டி-ஷர்ட் ஆர்டரில் இந்த அறிவுறுத்தல் எனக்கு மேலாளரிடமிருந்து தொலைபேசியில் வந்தது. நான்கு நிறங்களில் ஒன்று ஒப்புதல் பெறாமல் ஒன்பது நாள் தாமதமாகி, விமானத்தில் அனுப்ப நேர்ந்தது. பிறகு நடந்த கூட்டத்தில், பிற துறையினர் முன்னிலையில் என்னிடம் மட்டும் விளக்கம் கேட்கப்பட்டது. இனி ஒப்புதலுக்கு முன் துணியை அனுப்பும்போது, முடிவெடுப்பவர் காரணத்தை இரண்டு வரி மெயிலில் ஃபேப்ரிக் துறைக்கும் மெர்ச்சண்டைசருக்கும் அனுப்பும் வழக்கம் வேண்டும்."

"பொய்யன்" என்ற சொல் இதில் இல்லை. அறிவுறுத்தல் அவரிடமிருந்து வந்தது, விளக்கம் என்னிடம் கேட்கப்பட்டது என்ற இரண்டும் அடுத்தடுத்து நிற்கின்றன. மற்றதைப் படிப்பவர் தானே புரிந்துகொள்வார். ஏர் ஷிப்மென்ட், "கோழை" பற்றிய செய்தியும் இதிலேயே அடங்கிவிட்டது, தனியாக எழுத வேண்டாம்.

"தொலைபேசியில் வந்தது" என்பதைச் சுருக்குவதற்காகக்கூட நீக்காதீர்கள். எழுத்தில் ஆதாரம் இல்லை என்பதை அவளே சொல்லிவிடுவது நல்லது. மேலாளர் மறுத்தாலும், ஏன் எழுத்தில் இல்லை என்ற கேள்வி அவரிடம்தான் வரும்.

ஊசிநூல்

எனக்கும் இதே கதைதான். போன வருடம் விலகினேன். பழைய கம்பெனி என் பிஎஃப் கணக்கில் வெளியேறிய தேதியைப் போடவே இல்லை, பணத்தை மாற்ற முடியவில்லை. இதையெல்லாம் ராஜினாமா கடிதத்திலேயே எழுதியிருந்தால் பயந்து செய்திருப்பார்கள் அல்லவா? தோழியையும் ராஜினாமா கடிதத்தில் எழுதச் சொல்லுங்கள்.

பின்னல்நகர்

தம்பி, அவர் ராஜினாமா கடிதத்தை எப்போதோ கொடுத்துவிட்டார். அந்தக் கடிதத்தில் விலகுகிறேன், கடைசி நாள் இது என்பதைத் தவிர வேறெதுவும் தேவையில்லை. உங்கள் பிரச்சினைக்கு வழி இருக்கிறது. கடைசியாகப் பணம் செலுத்திய மாதத்திலிருந்து இரண்டு மாதம் கடந்துவிட்டால், வெளியேறிய தேதியை நீங்களே இபிஎஃப்ஓ உறுப்பினர் தளத்தில் பதியலாம். ஆதாரில் இணைத்த கைபேசி எண்ணுக்கு ஓடிபி வரும். கம்பெனிக்காகக் காத்திருக்க வேண்டாம்.

அந்திமழை

இரவு அழைப்பு பற்றி நான் சொல்கிறேன், நானும் மெர்ச்சண்டைசர்தான். "தினமும் பதினொரு மணிக்கு" என்று படிவத்தில் எழுதும் முன் அவருடைய போனில் அழைப்புப் பட்டியலை எடுத்துப் பாருங்கள். "தினமும்" என்று எழுதி, ஒருவர் ஒரே ஒரு நாளைக் காட்டி இல்லை என்று நிரூபித்துவிட்டால் மொத்தப் பத்தியும் விழுந்துவிடும்.

இன்னொன்று. ஜெர்மனி நமக்குக் கோடையில் மூன்றரை மணி நேரமும் குளிர்காலத்தில் நான்கரை மணி நேரமும் பின்தங்கியது. அவர்கள் மாலை ஐந்து மணிக்கு எழுந்து போகிறார்கள் என்றால் இங்கே இரவு எட்டரை, குளிர்காலத்தில் ஒன்பதரை. அதுவரை வரும் அழைப்புக்கு பையர் காரணமாக இருக்கலாம். அதைக் குற்றமாக எழுதினால், ஏற்றுமதித் தொழில் என்றால் அப்படித்தான் என்று பதில் சொல்லிவிடுவார்கள். அதற்குப் பிறகு வந்த அழைப்புகள் எவை என்று பிரித்துப் பாருங்கள்.

நொய்யல்கரை

பட்டியலைப் பார்த்தோம். நாங்கள் இருவரும் நினைத்ததற்கு வேறாக இருக்கிறது. பத்து மணிக்குப் பிந்தைய அழைப்புகள் ஏறக்குறைய எல்லாமே ஷிப்மென்ட்டுக்கு முந்தைய இரண்டு வாரங்களில் இருக்கின்றன. அந்த வாரங்களில் பெரும்பாலான இரவுகளில் வந்திருக்கின்றன. மற்ற வாரங்களில் எப்போதாவது ஒன்று. அவற்றில் பெரும்பாலானவை பேக்கிங் கணக்கு கேட்டவை, பையரோடு தொடர்பே இல்லாதவை. "தினமும்" இல்லை என்றதும் அவள் தளர்ந்துபோனாள். தன் வலி சிறியதாகிவிட்டது போல இருக்கிறதாம்.

அந்திமழை

சிறியதாகவில்லை அக்கா. இப்போதுதான் அது தெளிவாகத் தெரிகிறது. இப்படி எழுதச் சொல்லுங்கள்:

"ஷிப்மென்ட்டுக்கு முந்தைய இரு வாரங்களில் பெரும்பாலான நாட்களில் இரவு பத்து மணிக்குப் பிறகு எனக்கு அழைப்புகள் வந்தன. அவற்றில் பெரும்பாலானவை பையரின் கேள்விகள் அல்ல, அன்றைய பேக்கிங் எண்ணிக்கை பற்றியவை. அந்தக் கணக்கை மாலை ஏழு மணிக்குள் பேக்கிங் பிரிவிலிருந்து ஒரு தாளில் பெற்றுப் பகிர்ந்தால் இந்த அழைப்புகள் தேவைப்படாது. நான் விலகுவதற்கான காரணங்களில் இதுவும் ஒன்று."

கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். "கொத்தடிமை" என்ற சொல்லில் இருந்த கனத்தை இப்போது சுமப்பது அதுதான். எங்களிடம் இரவில் கேட்கப்படும் கேள்விகளில் பாதி, யாராவது மாலையிலேயே ஒரு தாளில் எழுதிவைத்திருக்கக்கூடியவை என்று நான் ஒவ்வொரு சீசனிலும் நினைப்பதுண்டு.

வெள்ளைத்தாள்

ஏற்கிறேன், நான் எழுதித் தந்தது வெறும் காகிதம்தான். ஆனாலும் என் கவலை மாறவில்லை. ரிலீவிங் லெட்டரும் கணக்குத் தீர்ப்பும் கைக்கு வருமுன் இப்படி எழுதிக் கொடுப்பது சரியா? கையில் வாங்கிய பிறகு கொடுக்கலாமே.

பின்னல்நகர்

பல இடங்களில் படிவம் வந்தால்தான் கணக்கே நகரும். இவர்கள் நிறுவனத்தில் எப்படி என்று கேட்டுப் பார்க்க வேண்டும். முறையாக நடக்கும் இடத்தில் ஒன்றுக்கும் மற்றதற்கும் தொடர்பு இருக்கக் கூடாது, ஆனால் எல்லா இடமும் அப்படி இல்லை என்பது எனக்கும் தெரியும். படிவத்தின் ஒவ்வொரு பக்கத்தையும் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளட்டும். கணக்கில் பிடித்தம் ஏதாவது வந்தால் அதைத் தனிக் கடிதமாகக் கேட்க வேண்டும், படிவத்தில் கலக்கக் கூடாது.

கட்டிங்மேசை

என்னைக் கேட்டால் லெட்டரை வாங்கிய பிறகுதான். கையில் இருந்தால்தான் கையில் இருக்கிறது.

நொய்யல்கரை

சம்பள உயர்வும் ஹெச்ஆரும் பாக்கி. மாமனார் ஊர்க்காரர் விஷயத்தை எழுதியே தீருவேன் என்கிறாள்.

பின்னல்நகர்

அந்த இன்னொருவரின் சம்பளச் சீட்டை அவள் பார்த்தாளா? இல்லையென்றால் அது கேள்விப்பட்டது. கேள்விப்பட்டதை எழுதினால், படிவத்தில் இல்லாத மூன்றாவது ஆள் ஒருவர் வீணாக இழுக்கப்படுவார். அவள் பக்கம் உறுதியாக இருப்பதை மட்டும் எழுதட்டும். உயர்வு பற்றி எப்போதெல்லாம் கேட்டாள், ஒவ்வொரு முறையும் என்ன பதில் வந்தது, எந்த அளவுகோலில் உயர்வு தரப்படுகிறது என்று அவளுக்கு யாராவது சொன்னார்களா. "அடுத்த சீசன் என்று சொல்லப்பட்டது, அதற்கான அளவுகோல் எனக்குத் தெரிவிக்கப்படவில்லை" என்றாலே போதும்.

ஹெச்ஆர் பற்றி ஒரே வரி: எந்த மாதம் வாய்மொழியாகச் சொன்னாள், பதில் வரவில்லை. படிப்பவரே அவர்தான் என்பதால் அதற்கு மேல் நீட்ட வேண்டாம்.

இன்னொரு முக்கியமான காரியம். இந்த வரைவுகளை அப்படியே ஒட்டாமல், அவள் தன் வாக்கில் ஒருமுறை திருப்பி எழுத வேண்டும். மறுநாள் நேரில் பேசும்போது "இந்த இரண்டு வரி மெயில் என்கிறீர்களே, யார் யாருக்கு?" என்று கேட்பார்கள். நீங்களும் நானும் அங்கே இருக்க மாட்டோம்.

கடைசிச் செய்திக்கு, அந்த மாஸ்டர் விஷயத்துக்கு, இப்படி எழுதலாம் என்று நினைக்கிறேன்: "சாம்பிள் அறையில் பெண் பணியாளர்கள் சங்கடமின்றிப் பணிபுரியும் சூழலை மேம்படுத்தலாம்."

சாட்சிக்கூண்டு

ஐயா, மன்னிக்க வேண்டும். இதுவரை நீங்கள் சொன்னதை எல்லாம் மதித்துப் படித்துக்கொண்டு வந்தேன். இந்த ஒன்றை மட்டும் இப்படி மாற்றக் கூடாது. தொழிலாளர் வழக்குகளைப் பார்க்கும் வழக்கறிஞர் நான்.

மேலாளர் போனில் சொன்னது நிர்வாகக் குறை. மாஸ்டர் செய்தது என்னவென்று நமக்கு இன்னும் தெரியாது, ஆனால் அது பாலியல் துன்புறுத்தலாக இருக்கக்கூடும். பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் துன்புறுத்தல் பற்றிய 2013ஆம் ஆண்டுச் சட்டத்தில் இதற்குத் தனி வழி இருக்கிறது. பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் உள்ளகப் புகார்க் குழு இருந்தாக வேண்டும். புகாரை எழுத்தில் அந்தக் குழுவிடம் கொடுக்க வேண்டும். கடைசியாக நடந்த சம்பவத்திலிருந்து மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். அதற்குள் கொடுக்க முடியாததற்குக் காரணம் இருந்தால் குழு மேலும் மூன்று மாதம் வரை நீட்டிக்கலாம். வேலையை விட்டபிறகும் கொடுக்கலாம். குழு இல்லாவிட்டாலோ, புகார் முதலாளி மீதே என்றாலோ, மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் போகலாம்.

பணிவிலகல் படிவத்தில் எழுதியதைப் புகாராகக் கொடுத்ததாக நம்பியிருந்து, மூன்று மாதத்தைத் தவறவிட்ட பெண்களைப் பார்த்திருக்கிறேன். "சூழலை மேம்படுத்தலாம்" என்று எழுதினால் இன்னும் மோசம். பின்னால் புகார் கொடுக்கும்போது, அன்றைக்கு இவ்வளவுதானே எழுதினீர்கள் என்று அந்த வரியையே எடுத்துக் காட்டுவார்கள்.

பின்னல்நகர்

அம்மா சொல்வது சரி, என் வரியை எடுத்துவிடுங்கள். ஆனால் அவள் புகார் கொடுக்க விரும்பவில்லை என்றால்? படிவத்தில் எதுவுமே எழுதாமல் விட்டால் அடுத்து வரும் பெண்ணுக்கு யார் சொல்வது? குழு அமைத்த உத்தரவை எல்லோரும் பார்க்கும் இடத்தில் வைக்க வேண்டும் என்று சட்டத்திலேயே இருக்கிறது. அது ஒட்டப்படவில்லை என்பதையாவது எழுதலாமே. அதில் யார் மீதும் குற்றச்சாட்டு இல்லை.

சாட்சிக்கூண்டு

உண்மையாகவே ஒட்டப்படவில்லை என்றால் எழுதலாம். அதற்கு மேல் ஒரு சொல் வேண்டாம் என்பேன். சாம்பிள் அறையில் பெண்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? "பெண்கள் தயங்குகிறார்கள்" என்று எழுதினாலே அங்கே மிச்சம் இருப்பவர்கள் மீது கண் விழும். அவர்களைக் கேட்காமல் அவர்கள் சார்பில் பேசக் கூடாது.

அந்திமழை

எனக்கு இதில் முழு உடன்பாடு இல்லை. எல்லோரும் இப்படியே ஒதுங்கிப் போனதால்தான் அந்த மாஸ்டர் அங்கேயே நிற்கிறார். ஆனாலும் முடிவு தோழியுடையது.

நொய்யல்கரை

எல்லோருக்கும் நன்றி. முதல் மூன்று கேள்விகளுக்கும் இங்கே பேசியதை வைத்து அவளே எழுதிவிட்டாள். "பொய்யன்" போய்விட்டது, ஒன்பது நாள் இருக்கிறது. மேலதிகாரி என்ற கேள்வியில் அவர் பெயரைப் போடுவதா, "மெர்ச்சண்டைசிங் மேலாளர்" என்று நிறுத்துவதா என்று மட்டும் யோசிக்கிறாள். அந்தப் பதவியில் ஒரே ஒருவர்தான் இருக்கிறார், அதனால் இரண்டும் ஒன்றுதான்.

உத்தரவு எங்கும் ஒட்டப்படவில்லை, அதை எழுதியிருக்கிறாள். மாஸ்டர் மீது புகார் கொடுப்பதை இன்னும் முடிவு செய்யவில்லை. கொடுப்பதானால் அதையும் நான் இப்படி ஒழுங்குபடுத்தித் தரலாமா என்று கேட்கிறாள்.

சாட்சிக்கூண்டு

அதை நீங்கள் தொடாதீர்கள். கடைசிச் சம்பவம் நடந்த தேதியை இன்றே குறித்துவைக்கச் சொல்லுங்கள், மூன்று மாதம் அதிலிருந்துதான் எண்ணப்படும். என்ன நடந்தது, அவர் என்ன சொன்னார், அருகில் யார் இருந்தார்கள், யாரிடம் சொன்னாள், அவர்கள் என்ன பதில் சொன்னார்கள் என்று அவளுக்கு வருகிற சொல்லிலேயே எழுதட்டும். "கண்டுகொள்ளாதே" என்று சொன்னவர் யார் என்பதும் வேண்டும். உங்களுக்கு அனுப்பிய அந்த வாட்ஸ்அப் செய்தியை அழித்துவிடாதீர்கள். அதில் நாளும் நேரமும் இருக்கின்றன.

எழுத முடியாத நிலையில் இருந்தால், எழுத்தில் கொடுக்க உதவ வேண்டியது குழுத் தலைவரின் கடமை என்று சட்டமே சொல்கிறது. குழு இருக்கிறதா என்பதை மட்டும் முதலில் விசாரித்துச் சொல்லுங்கள்.